சம்பளம் கேட்டால் திட்டு: சின்னக் கடையில் வேலை பார்ப்பவர்கள் கணக்கு எழுதி வைக்க வேண்டிய விதம்

சம்பளப் பாக்கி என்று என் அலுவலகத்துக்கு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எவ்வளவு வரணும்?" என்றுதான். பெரும்பாலானவர்களால் சட்டென்று சொல்ல முடிவதில்லை. "ஒரு ரெண்டு மாசம் இருக்கும் சார்" என்பார்கள். முதலாளியைக் கேட்டால் "போன மாசம் மட்டும்தான், அதுலயும் பாதி குடுத்தாச்சு" என்பார். இருவருமே பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. துண்டு துண்டாகக் கொடுத்த பணம் எந்த மாதக் கணக்கில் சேர்ந்தது என்று இருவரில் ஒருவரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

கோவையில் பம்ப் உதிரிபாகம் விற்கும் ஒரு கடை. ஆட்கள் ஏழு பேர். அங்கே பில்லிங்கும் கணக்கும் பார்த்த பெண் என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) சம்பளம் 18,000 ரூபாய். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது, பே ஸ்லிப் கிடையாது. முதலாளி ஒரு நாள் எல்லோருக்கும் பிரியாணி வாங்கித் தருவார், "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்பார். மறுநாள் ஒரு பில்லில் தள்ளுபடி தப்பாக விழுந்திருந்தால், கவுன்டரில் வாடிக்கையாளர் நிற்கும்போதே "சோத்துக்கு வழியில்லாம வந்தவதானே நீ" என்று ஆரம்பிப்பார். அதற்கு மேல் அவர் பேசியதை இங்கே எழுத முடியாது.

இந்த மாதிரி இடங்களில் சம்பளத் தேதி என்று ஒன்று இருக்காது, முதலாளியின் மூடுதான் இருக்கும். 18, 19, 20 தேதிகளில் யாரும் வாய் திறப்பதில்லை, ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்யும் நேரம். பெரிய பார்ட்டி செக் பாஸான அன்று மெதுவாகக் கேட்பார்கள். கேட்டதும் கத்தினால் இன்னும் ஒரு வாரம் தள்ளிப் போகும். அதனால்தான் திட்டும் பாக்கியும் ஒன்றையொன்று வளர்க்கின்றன: திட்டுக்குப் பயந்து கேட்காமல் விடுகிறார்கள், கேட்காமல் விடுவதால் பாக்கி ஏறுகிறது, பாக்கி ஏறியபின் வேலையை விட்டால் பணம் போய்விடுமே என்று அங்கேயே கிடக்கிறார்கள்.

கையில் பணம் இல்லாத முதலாளியும் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. வர வேண்டிய பணம் மூன்று மாதம் வராமல் திணறும் கடைகள் கோவையில் நிறைய. ஆனால் உண்மையாகவே முடையில் இருப்பவர் ஒரு தேதி சொல்வார், தள்ளிப்போனால் தானாக வந்து சொல்வார். தேதி கேட்டாலே கோபப்படுகிறவர், சப்ளையருக்கும் வண்டித் தவணைக்கும் தவறாமல் கட்டிவிட்டு ஆட்களுக்கு மட்டும் இழுத்தடிக்கிறவர் என்றால் விஷயம் வேறு.

சட்டத்துக்கு இந்த இரண்டு பேரும் ஒன்றுதான். 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019 நடைமுறைக்கு வந்துவிட்டது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுக்கப்பட வேண்டும். வேலையை விட்டாலோ நீக்கப்பட்டாலோ இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கை முடிக்க வேண்டும். பழைய சம்பளப் பட்டுவாடாச் சட்டம் மாதம் 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான் பொருந்தியது. இப்போது அந்த வரம்பு இல்லை, மேற்பார்வை வேலையில் இருப்பவரும் கேட்கலாம். மனு போடவும் மூன்று வருட அவகாசம் இருக்கிறது. கொடுத்துவிட்டேன் என்று முதலாளி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியதும் அவர்தான்.

சரி, அப்படியானால் நாம் எதுவும் எழுதி வைக்க வேண்டாமா? வேண்டும். அங்கே வேலை பார்த்தோம் என்பதை நாம்தான் காட்ட வேண்டும். ஏழு பேர் உள்ள கடையில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு பெரும்பாலும் இருக்காது. அந்தப் பெண்ணிடம் இருந்தவை வங்கி ஸ்டேட்மென்டில் முதலாளி பெயரில் வந்த ஜிபே வரவுகள், கடை வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் "இன்னைக்கு கலெக்‌ஷன்" என்று அவர் போட்ட செய்திகள், விடுமுறை கேட்டு முதலாளி "ஓகே" போட்ட பதில்கள். இவை போதும்.

அவரை உட்கார வைத்து ஒரு வெள்ளைத் தாளில் கணக்குப் போட்டோம். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என நான்கு மாதச் சம்பளம் 72,000. வந்தது: ஜனவரி 19-இல் 8,000 ஜிபே, பிப்ரவரி 4-இல் 5,000 ரொக்கம், 21-இல் 10,000 ஜிபே, மார்ச் 16-இல் 6,000 ஜிபே, 30-இல் 5,000 ரொக்கம். மொத்தம் 34,000. பாக்கி 38,000. ரெண்டு மாசம் என்று அவர் சொன்ன குத்துமதிப்பு ஏறக்குறைய சரிதான். ஆனால் குத்துமதிப்பை வைத்துக்கொண்டு போனால் முதல் கேள்வியிலேயே தடுமாறுவோம்.

இதில் ஆபத்தான இடம் அந்த 10,000 ரூபாய் ரொக்கம். கையெழுத்து இல்லாமல் ரொக்கம் கைமாறும் பழக்கம் இருந்தால், நாளைக்கு "பத்து இல்லம்மா, முப்பது குடுத்தேன்" என்று சொல்ல வழி திறந்திருக்கும். அதனால் ரொக்கம் வாங்கிய அன்றே ஒரு செய்தி அனுப்பச் சொல்கிறேன். பிப்ரவரி 4-ஆம் தேதி அவர் அனுப்பியிருந்தால் இப்படி இருந்திருக்கும்: "சார், இன்னைக்கு 5,000 கேஷா வாங்கிக்கிட்டேன். டிசம்பர் சம்பளத்துல இதுவரைக்கும் 13,000 வந்திருக்கு, மீதி 5,000 இருக்குங்க." அவ்வளவுதான். இதில் குற்றச்சாட்டு இல்லை, கெஞ்சலும் இல்லை. நீல டிக் வந்து, மறுப்பு வராமல் ஒரு மாதம் கிடந்த செய்திக்கு நல்ல மதிப்பு உண்டு. வாய்ஸ் மெசேஜ் வேண்டாம், அழுகை வந்துவிடும், அப்புறம் தொகை எங்கோ போய்விடும்.

செய்யக்கூடாத ஒன்றும் இருக்கிறது. கணக்குப் பார்ப்பவர் என்பதால் கடையின் டாலி பேக்கப், பார்ட்டி லிஸ்ட் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். "இவர் வரி ஏய்ப்பையும் காட்டிக் கொடுத்துடறேன்" என்று பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள் உண்டு. எடுக்காதீர்கள். உங்கள் சம்பள வழக்கு அங்கேயே உங்கள் மேல் தகவல் திருட்டுப் புகாராக மாறிவிடும். உங்கள் போனில், உங்கள் வங்கிக் கணக்கில் உள்ளதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டைப் பொறுத்தவரை, "ரொம்பக் கேவலமாப் பேசினார்" என்று எழுதினால் அது யாருக்கும் உதவாது. தேதி, நேரம், சொன்ன சொல் அப்படியே, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்ற நான்கும் அன்றைக்கே எழுதப்பட வேண்டும். கையால் எழுதக் கூசும் வார்த்தையாக இருந்தாலும் அதைத்தான் எழுத வேண்டும், ஏனென்றால் எந்தப் பிரிவு என்பதை முடிவு செய்வது அந்த வார்த்தைதான். பாரதிய நியாய சன்ஹிதாவில் பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதற்குப் பிரிவு 296, மிரட்டலுக்கு 351, பெண்ணின் மாண்பை இழிவுபடுத்தும் பேச்சுக்கு 79. சாதியைச் சொல்லித் திட்டியிருந்தால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாலியல் ரீதியான பேச்சு என்றால், பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கு மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழு, மூன்று மாதத்துக்குள் போக வேண்டும். வெறும் கத்தல், முட்டாள், தண்டச் சம்பளம் போன்றவை இந்தப் பிரிவுகள் எதிலும் சுலபமாக அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவையும் மனிதரை அரித்துத் தின்னும், ஆனால் ஸ்டேஷனில் நிற்காது.

சம்பளத்தையும் திட்டையும் ஒரே மனுவில் போடாதீர்கள். போலீஸால் சம்பளம் வாங்கித் தர முடியாது, தொழிலாளர் துறையால் வாய்த்துடுக்குக்கு வழக்குப் போட முடியாது. சேர்த்து எழுதினால் "காசு பறிக்கக் கதை கட்டறா" என்று எதிர்த்தரப்பு சொல்ல நாமே இடம் கொடுத்த மாதிரி ஆகும். சம்பளத்துக்கு மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம், திட்டுக்குக் காவல் நிலையம். காவல் நிலையத்தில் மனு ரசீதை, அதாவது சி.எஸ்.ஆரை, வாங்காமல் திரும்பாதீர்கள்.

இப்போது வேலையை விடும் நாள். பெரும்பாலான வழக்குகள் கெடுவது இங்கேதான். ஒரு நாள் திட்டு எல்லை மீறும், பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவார்கள். கல்லாச் சாவி கைப்பையிலேயே இருக்கும். சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து போன் வரும்: கல்லாவில் 40,000 குறைகிறது என்று புகார். சம்பளம் கேட்டவர் இப்போது தான் திருடவில்லை என்று நிரூபிக்க அலைவார்.

அந்தப் பெண் ஏப்ரல் 1-ஆம் தேதி ராஜினாமா கடிதம் கொடுத்தார். 30-ஆம் தேதியோடு விடுவிக்கும்படி கேட்டு, மார்ச் வரை 38,000 பாக்கி என்று தேதிவாரியான கணக்கையும் சேர்த்து ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பினார். அந்த மாதம் முழுக்கத் திட்டு அதிகமாகத்தான் இருந்தது. தாங்க முடியாத இடத்தில், உடம்புக்கோ மனசுக்கோ ஆபத்து என்ற நிலையில், முப்பது நாள் இருந்தே ஆகவேண்டும் என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. ஆனால் ஒப்படைப்பு மட்டும் கட்டாயம். கடைசி நாளில் கல்லா இருப்பு, சாவிகள், பில் புத்தகங்கள், கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு என்று ஒரு பக்கப் பட்டியல் எழுதி, கூட வேலை பார்த்த ஸ்டோர் அண்ணனை எண்ணிப் பார்க்கச் சொல்லி, மேசையில் வைத்துப் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினார். முதலாளி கையெழுத்துப் போடவில்லை. படத்துக்கு "ம்" என்று பதில் போட்டிருந்தார், அதுவே போதுமாக இருந்தது.

ஏப்ரல் சம்பளமும் சேர்ந்து பாக்கி 56,000. தொழிலாளர் துறையிலிருந்து நோட்டீஸ் போனதும் முதலாளி வந்தார். எதிர்பார்த்தபடியே ரொக்கமாக இன்னும் 20,000 கொடுத்ததாகச் சொன்னார். எந்தத் தேதி, எந்த வவுச்சர் என்று அதிகாரி கேட்டார், பதில் இல்லை. பாக்கி என்று முடிவான தொகையைப் போலப் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. சமரசத்தில் அதை விட்டுக்கொடுத்து, அசலை மட்டும் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்ள அந்தப் பெண் சம்மதித்தார். நானாக இருந்தால் கொஞ்சம் இழுத்துப் பார்த்திருப்பேன். அவருக்கு அந்தக் கடைப் பக்கம் இனிமேல் தலைவைத்துப் படுக்க வேண்டாம் என்று இருந்தது, அது அவர் முடிவு. வக்கீல் வைக்க வசதி இல்லாத பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஆள் தரும், எண் 15100.

முதல் தவணையாக 30,000 கொடுத்த அன்று "எனக்குப் பாக்கி எதுவும் இல்லை" என்று எழுதிய தாளையும் முதலாளி நீட்டினார், மீதி 26,000-க்குப் பின்தேதி செக் தருவதாகச் சொல்லி. கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். 30,000 பெற்றுக்கொண்டதாக மட்டும் ரசீது எழுதிக் கொடுத்தார். மீதித் தொகை வங்கியில் வரவான பிறகுதான் அந்தத் தாளில் கையெழுத்து விழுந்தது.