டாலர் ஸ்மைல்: சொல்லும் பொருளும்

அமெரிக்கப் பொருளாதாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைக் கிடைக்கோட்டிலும், டாலரின் மதிப்பைச் செங்குத்துக் கோட்டிலும் வைத்து வரைந்தால் இரண்டு ஓரமும் மேலே ஏறி, நடு தாழ்ந்த ஒரு வளைவு வரும். அதற்கு 'டாலர் ஸ்மைல்' என்று பெயர் வைத்தவர் ஸ்டீபன் ஜென். 2000களின் தொடக்கத்தில் மார்கன் ஸ்டான்லி வங்கியில் நாணயப் பொருளியலராக இருந்தபோது இதை முன்வைத்தார். கிடைக்கோடு காலத்தைக் குறிப்பதில்லை. அதை ஆண்டுவரிசை என்று வாசிப்பதுதான் பலரும் செய்யும் பிழை.

இடது ஓரம் பீதி. 2020 மார்ச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற முக்கிய நாணயங்களோடு டாலரின் மதிப்பை ஒப்பிடும், சந்தைத் திரையில் DXY என்று வரும் டாலர் குறியீடு மார்ச் 9 அன்று 95-ஐ ஒட்டி இருந்தது. 20-ஆம் தேதிக்குள் 102-ஐத் தாண்டிவிட்டது. அமெரிக்க வட்டி பூச்சியத்துக்கு அருகே இறங்கிய அதே நாட்களில்தான் இந்த ஏற்றம். காரணம் அமெரிக்கா மீதான நம்பிக்கை மட்டும் அல்ல, கடன். அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் வங்கிகளும் நிறுவனங்களும் டாலரில் கடன் வாங்கியிருந்தன. புதுக் கடன் கிடைக்காமல் போனதும் தவணை கட்ட டாலரைத் தேடி ஓடின. கையில் இருந்த பங்கு, தங்கம், ஏன், அமெரிக்கக் கடன் பத்திரத்தைக்கூட விற்றார்கள். பீதியில் தங்கமும் சேர்ந்து விழுந்தால், அது டாலர் தட்டுப்பாட்டின் அடையாளம். அமெரிக்க மத்திய வங்கி பிற நாட்டு மத்திய வங்கிகளுக்கு டாலரை மாற்றிக் கொடுக்கும் ஏற்பாட்டை விரிவாக்கிய பிறகே நெருக்கடி தளர்ந்தது.

பீதி தணிந்து, அமெரிக்க வட்டியும் தாழ்ந்தே கிடக்க, பணம் மற்ற நாடுகளைத் தேடிப் போனது. 2021 தொடக்கத்தில் குறியீடு 90-க்கும் கீழே. இதுதான் நடுப்பள்ளம்.

வலது ஓரம் வளர்ச்சி. 2022-இல் அமெரிக்காவில் வேலைச்சந்தை வலுவாக இருந்தது, பணவீக்கமும் கூடியது. வட்டி ஒரே ஆண்டில் 0.25 விழுக்காட்டிலிருந்து 4.5 விழுக்காட்டுக்கு ஏற்றப்பட்டது. செப்டம்பர் இறுதியில் குறியீடு 114-ஐத் தொட்டது. இங்கே டாலரை இழுத்தது தட்டுப்பாடு அல்ல, வருமானம். அமெரிக்கா வளர்ந்தால் மட்டும் போதாது. மற்ற நாடுகளை விட வேகமாக வளர வேண்டும்.

தமிழில் என்ன சொல்வது? 'டாலர் சிரிப்பு' பொருந்தாது; சிரிப்பில் ஒலி உண்டு, வாய் திறக்கும். புன்மை என்றால் சிறுமை. புன்னகை, உதட்டின் ஓரம் மட்டும் உயரும் சிறுநகை. வரைபடத்தில் இருப்பது அந்த உதட்டுக்கோடுதான். ஆகவே 'டாலரின் புன்னகை வளைவு' என்பதே சரி. 'வளைவு' என்பதை விட்டுவிட்டால் உவமை மட்டும் நிற்கும், வரைபடம் காணாமல் போகும்.

2025 ஏப்ரலில் இந்த வளைவு பொய்த்தது. அமெரிக்கா புதிய இறக்குமதி வரிகளை அறிவித்ததும் பங்குகள் விழுந்தன, டாலரும் கூடவே விழுந்தது, ஆனால் தங்கம் ஏறியது. அப்போது உலகில் டாலருக்குத் தட்டுப்பாடு இல்லை. அமெரிக்கச் சொத்துகளை வைத்திருந்த வெளிநாட்டவர்தான் டாலரை விற்று இடர் குறைக்கப் பார்த்தார்கள்.