போட்டிக் கடையின் பெயரை நோட்டீஸில் எழுதும்போது

மயிலாடுதுறையில் காபிக்கொட்டை வறுத்து அரைத்து விற்கும் ஒருவர், ஐப்பசித் துலா உற்சவக் கூட்டத்துக்காக நோட்டீஸ் எழுதித் தரும்படி கேட்டபோது, வாசகத்தையும் அவரே குறித்துக்கொண்டு வந்திருந்தார்: “இன்னார் தூளில் பாதி சிக்கரி. எங்களுடையதே ஊரில் ஒரே உண்மையான காபி. விலையும் குறைவு.” இன்னார் என்று நான் எழுதியிருக்கும் இடத்தில் அவருடைய போட்டியாளரின் பெயர் இருந்தது.

பெயரைச் சொல்வதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியில்லை. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டம், பதிவு பெற்ற பெயரை நேர்மையான வணிக வழக்கத்துக்கு உட்பட்டு ஒப்பீட்டுக்குப் பயன்படுத்த இடம் தருகிறது. அந்தப் பெயரின் மதிப்பைக் குலைக்கும் விளம்பரத்தைத்தான் 29(8)-ஆம் பிரிவு தடுக்கிறது. பெயரை விட்டுவிட்டு, பொட்டலத்தின் நிறத்தை மட்டும் மங்கலாகக் காட்டினால் தப்பிக்கலாம் என்ற யோசனையும் பயன்படாது. பார்ப்பவருக்கு யாரென்று புரிந்தால் பெயரைச் சொன்னதாகவே ஆகும்.

முதல் வாக்கியத்தைச் சோதிக்க, போட்டியாளரின் 200 கிராம் பொட்டலம் ஒன்றை ரசீதோடு வாங்கிவரச் செய்தோம். சிக்கரி கலந்த தூளில் காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி; அதில் காபி 60, சிக்கரி 40 என்று இருந்தது. ஆகவே ‘பாதி’ என்பது பொய். பேச்சுவாக்கில் நாற்பதைப் பாதி என்பது வழக்கம்தான், ஆனால் அச்சில் அது செல்லாது.

‘உண்மையான காபி’ என்ற சொல்லில் இருந்த ஆபத்து இன்னும் பெரிது. காபி 51 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்து, அளவும் அச்சிடப்பட்டிருந்தால், சிக்கரி கலந்த தூளை விற்பது சட்டப்படி சரியானது. அதை மறைமுகமாகப் போலி என்று சொல்வது ஒப்பீடு அல்ல, இழிவுபடுத்துவது. தன் சரக்கே சிறந்தது என்று வியாபாரி பெருமை பேசலாம், மற்றவர் சரக்கு மோசம் என்று சொல்லக்கூடாது என்பதுதான் இத்தகைய வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் தொடர்ந்து பின்பற்றும் எல்லைக்கோடு. ‘ஒரே’ என்ற சொல்லையும் நீக்கினேன். கோல்கேட்டுக்கும் ஆங்கருக்கும் இடையிலான பற்பசை வழக்கில், ‘ஒரே’, ‘முதல்’ என்ற உரிமைகோரல்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2008-இல் தடை விதித்தது.

மூன்றாவது வாக்கியம்தான் என்னை நெடுநேரம் உட்கார வைத்தது, ஏனெனில் தனியே பார்த்தால் அது உண்மை. கடைக்காரர் இரண்டு வகை விற்கிறார். காபி 80, சிக்கரி 20 உள்ள ஸ்பெஷல் தூள் கால் கிலோ 225 ரூபாய். 60:40 சாதாரணத் தூள் கால் கிலோ 175 ரூபாய். போட்டியாளரின் 200 கிராம் பொட்டலம் 150 ரூபாய். நூறு கிராமுக்குக் கணக்கிட்டால் ஸ்பெஷல் 90, சாதாரணம் 70, போட்டியாளருடையது 75. நோட்டீஸோ, சிக்கரி குறைவு என்ற பெருமையை ஸ்பெஷலிலிருந்தும், விலை குறைவு என்ற பெருமையைச் சாதாரணத்திலிருந்தும் எடுத்து, இரண்டையும் ஒரே தூளின் குணம்போல் காட்டியது. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும், நமக்குச் செயற்கையான சாதகம் வரும்படி பொருளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழுமமான ஆஸ்கியின் நெறிமுறை கேட்பது இதைத்தான். நான் பார்த்தவரையில், சிக்கலில் மாட்டும் விளம்பரங்கள் அப்பட்டமான பொய்யைவிட இப்படிப்பட்ட ஒட்டுவேலையால்தான் மாட்டுகின்றன.

இரண்டு வாசகங்கள் எழுதிக் கொடுத்தேன். ஒன்றில் ஸ்பெஷலின் சிக்கரி அளவை ஒப்பிட்டு, அதன் கூடுதல் விலையையும் மறைக்காமல் சொன்னேன். “அப்போ நம்ம சரக்கு விலை ஜாஸ்தின்னு நாமளே சொல்றதா சார்?” என்று கேட்டுவிட்டு, அவர் மற்றதை எடுத்துக்கொண்டார்: “காபி 60, சிக்கரி 40: எங்கள் தூள் 100 கிராம் 70 ரூபாய். அதே கலவையில் இன்னார் தூள் 100 கிராம் 75 ரூபாய்.” இதன் கீழே, படிக்கக்கூடிய எழுத்தில், போட்டியாளரின் பொட்டல அளவும் வாங்கிய தேதியும் இடம்பெற்றன. போட்டியாளரின் லோகோவைப் போடவில்லை. ஒப்பீட்டுக்குப் பெயர் போதும்.

உள்ளூர் கேபிளுக்கு அவர் யோசித்திருந்த காட்சியையும் மாற்ற வேண்டியிருந்தது. சம்பந்தி வீட்டில் போட்டிக் காபியை ஒரு வாய் குடித்ததும் மாப்பிள்ளை முகம் சுளிப்பதாகக் காட்சி. வசனத்தில் ஒரு பொய்யும் இல்லாவிட்டாலும், அந்த முகச்சுளிப்பே அவதூறு ஆகிவிடும். விளம்பரத்தின் நோக்கம், சொல்லும் விதம், கதைப்போக்கு ஆகியவற்றைச் சேர்த்துத்தான் நீதிமன்றம் எடைபோடும்.

பொட்டலம், ரசீது, பேட்ச் எண் தெரியும் லேபிள் படம், விலைக் கணக்கு ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்தோம். வக்கீல் நோட்டீஸோ ஆஸ்கியின் கடிதமோ வந்தால் முதலில் கேட்கப்படுவது ஆதாரம்தான். புகார் போட்டியாளரிடமிருந்துதான் வரும் என்பதும் இல்லை, வாங்கியவரும் கொடுக்கலாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறைக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

போட்டியாளர் விலையைக் குறைத்த நாளிலிருந்து, நேற்றுவரை உண்மையாக இருந்த வாசகமும் பொய்யாகிவிடும். தேதி அச்சிட்டிருப்பது அதற்கு முழுப் பாதுகாப்பு அல்ல. எனவே உற்சவத்தின் கடைசி நாளான கடைமுகம் முடிந்த மறுநாளே அதே வாசகமுள்ள ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட வேண்டும், மீதி நோட்டீஸைப் பொங்கலுக்குப் பயன்படுத்துவதானால் விலையை மறுபடி பார்த்த பிறகே கொடுக்க வேண்டும் என்று பில்லின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்.