கோயில் வேலையில் தொண்டருக்கு அடிபட்டால் நஷ்டஈடு யார் தர வேண்டும்?

திருவிழாவுக்குச் சீரியல் லைட் கட்ட ஏறியவர் ஏணி சரிந்து விழுந்துவிட்டார். கூலிக்கு வந்தவர் அல்ல, ஊர்க்காரர். கமிட்டி கூப்பிட்டது, ஏறினார். கால் எலும்பு முறிந்து மாதக்கணக்கில் வேலைக்குப் போக முடியவில்லை. இந்த நிலையில் தமிழ்நாட்டில் கமிட்டிக்காரர்களிடமிருந்து பெரும்பாலும் வரும் பதில், "அவரா விரும்பித்தானே ஏறினார், நாங்க என்ன பண்ண முடியும்?" என்பதுதான். சட்டம் அவ்வளவு எளிதாக விட்டுவிடாது. ஆனால் தொண்டருக்கு வழியைச் சுலபமாக்கியும் தரவில்லை.

சிக்கல் சம்பளத்தில் ஆரம்பிக்கிறது. கூலிக்கு வேலை செய்பவருக்கு வேலையில் அடிபட்டால், முதலாளி தப்பு செய்தாரா என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. வேலையின்போது விபத்து நடந்தது என்று காட்டினால் போதும், இழப்பீடு உண்டு. 1923-ம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் தந்த பாதுகாப்பு அது. இப்போது அந்த ஏற்பாடு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்திருக்கிறது. சம்பளமே வாங்காத தொண்டர் அந்தக் கணக்கில் தொழிலாளர் இல்லை. அவர் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், அங்கே யாருடைய கவனக்குறைவால் அடிபட்டது என்பதை நிரூபிக்க வேண்டும்.

அதனால் முதலில் பார்க்க வேண்டியது, அவர் உண்மையிலேயே சம்பளமில்லாத் தொண்டர்தானா என்பது. சில கோயில்களில் ஒருவரை ஆண்டு முழுவதும் வேலை வாங்கிக்கொண்டு, தினமும் ஒரு தொகையை அன்பளிப்பு என்று நோட்டில் எழுதிக் கொடுப்பார்கள். பெயர் எதுவானாலும், நேரம் குறித்து, சொன்ன வேலையைச் செய்ய வைத்து, அதற்காகப் பணம் தந்திருந்தால் அவரைத் தொழிலாளர் என்று வாதாட இடமுண்டு. அந்த நோட்டின் ஒரு பக்கம் கையில் இருந்தால் வழக்கின் திசையே மாறலாம். சாப்பாடும் பிரசாதமும் மட்டும் கொடுத்திருந்தால் இந்த வழி திறக்காது.

சரி, அவர் தொண்டர்தான் என்றே வைத்துக்கொள்வோம். கமிட்டிக்கு என்ன கடமை? ஒருவரை அழைத்து, தன் கருவியைக் கொடுத்து, தன் இடத்தில் வேலை செய்யச் சொன்னவர், அந்தக் கருவியும் இடமும் நியாயமான அளவு பாதுகாப்பாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏணியின் படி உளுத்திருந்தது, கீழே பிடிக்க ஆளில்லை, மின் இணைப்பைத் துண்டிக்காமலே ஒயரைக் கட்டச் சொன்னார்கள் என்பதெல்லாம் கவனக்குறைவு. விரும்பி ஏறினார் என்ற வாதம் இங்கே அநேகமாக எடுபடாது. ஏறச் சம்மதித்தது வேறு, உளுத்த ஏணி என்று தெரிந்தே அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டது வேறு. ஆனால் அவர் குடித்திருந்தார், வேண்டாம் என்று தடுத்தும் ஏறினார் என்றால் அவர் பங்குக்குத் தொகை குறையும்.

யார் மேல் வழக்கு என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அறநிலையத் துறைக் கோயிலில் தெய்வத்தையே சட்டப்படியான நபராகக் கருதுவதால், செயல் அலுவலர் அல்லது அறங்காவலர் வழியாகக் கோயில் பிரதிவாதி ஆகும். பதிவு பெற்ற சங்கம் என்றால் சங்கம். அறக்கட்டளை என்றால் அறங்காவலர்கள். ஊர்ப் பொதுக்கோயில், பதிவே இல்லாத கமிட்டி என்றால், "கமிட்டி" என்ற பெயருக்குச் சட்டத்தில் தனி உயிர் கிடையாது. ஏணியை எடுத்துக் கொடுத்தவர், ஏறச் சொன்னவர், வேலையை முன்னின்று நடத்தியவர் என்று ஆட்கள்தான் சொந்தப் பொறுப்பில் பதில் சொல்ல வேண்டியவர்கள். வரி வசூலில் பங்கு கொடுத்த எல்லோரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். ஏணி லைட் காண்ட்ராக்டருடையது என்றால் அவரும் சேருவார்.

தொகை எப்படி வரும் என்று ஒரு உதாரணம். அடிபட்டவருக்கு வயது 32, மாதம் 18,000 ரூபாய் சம்பாதிக்கும் கொத்தனார் என்று வைப்போம். மருத்துவச் செலவு 1,40,000. ஐந்து மாதம் வேலை இல்லை, அது 90,000. காலில் நிரந்தரக் குறைபாட்டால் சம்பாதிக்கும் திறன் 20 சதவீதம் குறைந்துவிட்டது. சாலை விபத்து வழக்குகளில் இந்த வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த பெருக்கல் எண் 16. மற்ற விபத்து வழக்குகளிலும் நீதிமன்றங்கள் இதே முறையைத் துணைக்கு எடுத்துக்கொள்வதுண்டு. ஆண்டு வருமானம் 2,16,000, அதில் 20 சதவீதம் 43,200, அதை 16 மடங்காக்கினால் 6,91,200. மொத்தம் 9,21,200. வலி, வேதனைக்குத் தனியாகச் சேரும். அவர் மீதும் 25 சதவீதம் தவறு என்று தீர்ப்பானால் இந்தத் தொகை 6,90,900 ஆகிவிடும். இது கைக்கு வர ஆண்டுகள் ஆகும், கமிட்டியில் பணமோ சொத்தோ இருந்தால்தான் வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

சான்றுகள் முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் கிடைக்கும். மருத்துவமனையில் எப்படி அடிபட்டது என்று கேட்கும்போது "வீட்டில் தவறி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். கோயிலுக்குப் பெயர் கெட்டுவிடும் என்று பலர் அப்படித்தான் சொல்லிவிடுகிறார்கள். அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிட்டால், பின்னால் எவ்வளவு பேசினாலும் மாற்றுவது கஷ்டம். அந்தப் பதிவேட்டின் நகலையும் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீதையும் வாங்கி வையுங்கள். அந்த ஏணி கமிட்டியின் கையில் இருக்கும், சீக்கிரமே காணாமலும் போகும், அதனால் அன்றைக்கே படம் எடுத்துவிட வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. கமிட்டி பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கும். பணத்தை வாங்கலாம், மருத்துவ உதவிக்காகப் பெற்றது என்று ரசீதும் கொடுக்கலாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் தாளில், முழுச் சிகிச்சை முடிந்து குறைபாடு எவ்வளவு என்று தெரியும் வரை கையெழுத்துப் போடாதீர்கள். காயத்துக்கான வழக்குக்குப் பொதுவாக மூன்று ஆண்டு அவகாசம், இறந்திருந்தால் குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். இலவச உதவி எண் 15100. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலே உதவி உண்டு.

அரசு தரும் நிவாரணத்தை இதனுடன் குழப்பக் கூடாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தபோது, மாநில அரசு குடும்பத்துக்கு 5 லட்சம் கொடுத்தது. அது கருணைத் தொகை. அதைக் கேட்டு வாங்கும் உரிமை யாருக்கும் கிடையாது.

காப்பீடு இருந்தால் தப்பை நிரூபிக்கும் பாரமே இல்லை. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் விபத்துக் காப்பீடு 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கு. இறந்தால் 2 லட்சம் தரும், ஒரு கையோ ஒரு காலோ ஒரு கண்ணோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். ஆனால் மேலே சொன்ன கொத்தனாரின் முறிந்து ஒட்டிய காலுக்கு ஒரு ரூபாய்கூட வராது. அதனால் கமிட்டி திருவிழா நாட்களுக்காகக் குழு விபத்துக் காப்பீடு எடுக்கும்போது, மருத்துவச் செலவும் தற்காலிக வருமான இழப்பும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ஊழியர்களுக்கான பாலிசியில் தொண்டர் தானாகச் சேர மாட்டார். அவரும் அடங்குவார் என்று பாலிசியிலேயே எழுதி வாங்க வேண்டும்.