டிஷ்வாஷர் டேப்லெட் ஏன் சில சமயம் கரையாமலே கெடக்குது?

டிஷ்வாஷர் ஓடி முடிஞ்சு கதவைத் திறந்தா, அந்த சின்ன டப்பாவுக்குள்ள டேப்லெட் பாதி கரைஞ்சு பசையா ஒட்டிட்டு இருக்கும், பாத்திரமும் அரைகுறையா கழுவின மாதிரி இருக்கும். ஒடனே டேப்லெட் மட்டம்னு சொல்லிட்டு வேற கம்பெனி மாத்திடுவாங்க, ஆனா நிறைய நேரத்துல தப்பு டேப்லெட்டு மேலயே இருக்காது. பவுடர், ஜெல், டேப்லெட் மூணும் எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்கிறது ரொம்ப ஈஸி.

மொதல்ல உள்ள என்ன இருக்குன்னு பாப்போம். பவுடர்ல பெரிய பங்கு சலவை சோடா, அது தண்ணிய காரமாக்கி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும். கூடவே தண்ணில இருக்கற கால்சியத்தப் பிடிச்சு வச்சுக்க சிட்ரேட் மாதிரி ஒண்ணு, மாவுச்சத்தையும் புரதத்தையும் நறுக்கிப்போட ரெண்டு வகை என்சைம், டீ கறைய வெளுக்க சோடியம் பெர்கார்பனேட்ங்கற ப்ளீச், அப்புறம் நுரை ரொம்ப வராத ஒரு சோப்புப் பொருள். டேப்லெட்லயும் ஏறக்குறைய இதே சமாச்சாரம்தான், அழுத்திக் கட்டியாக்கி இருக்காங்க, சிலதுல ரின்ஸ் எய்டையும் சேத்துடறாங்க. முன்னாடி இதுல எல்லாம் பாஸ்பேட் தாராளமா போடுவாங்க, அது ஏரி குளத்துல பாசியப் பெருக்குதுன்னு ஐரோப்பிய யூனியன்ல 2017 ஜனவரியிலேருந்து வீட்டு டிஷ்வாஷர் டிடர்ஜென்ட்ல கடுமையா குறைச்சுட்டாங்க, அதனாலதான் இப்ப என்சைமும் சிட்ரேட்டும் அதிக வேலை செய்ய வேண்டியிருக்கு.

ஜெல் கதை வேற. பெர்கார்பனேட் தண்ணி பட்ட நிமிஷமே ஹைட்ரஜன் பெராக்சைடா உடைய ஆரம்பிச்சுடும், அதனால தண்ணி கலந்த ஜெல்லுக்குள்ள அத வச்சு மாசக்கணக்குல பாட்டில்ல விக்க முடியாது. என்சைமும் புரதம்தானே, ப்ளீச் பக்கத்துல இருந்தா அதையும் கெடுத்துடும். அதனால பழைய ஜெல்ல குளோரின் ப்ளீச் இருக்கும் என்சைம் இருக்காது, இப்ப வர்ற ஜெல்ல பெரும்பாலும் என்சைம் இருக்கும் ப்ளீச் இருக்காது. ஜெல் போட்டா பிசுக்கு போகுது ஆனா டீ கப் உள்ளுக்குள்ள பழுப்பாவே இருக்குன்னு சொல்றவங்களுக்கு காரணம் இதுதான். கரையறதுல மட்டும் ஜெல்ல அடிச்சுக்க ஆளே இல்ல, ஏற்கனவே கரைஞ்சு இருக்கே.

இப்ப டேப்லெட்டுக்கு வருவோம். திடப்பொருள் கரையற வேகம் தண்ணி படற பரப்பப் பொறுத்தது, கல் உப்பும் தூள் உப்பும் மாதிரி. கணக்கு போட்டே பாக்கலாம்: 20 கிராம் டேப்லெட் ஒண்ணு 36 மில்லிமீட்டர் நீளம், 26 அகலம், 15 உயரம்னு வச்சுக்குவோம், அதோட வெளிப்பரப்பு சுமார் 37 சதுர சென்டிமீட்டர். அதே கன அளவு சரக்க அரை மில்லிமீட்டர் துகள்களா உடைச்சா பரப்பு சுமார் 1700 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 45 மடங்கு. ஓரத்துலேருந்து கரைஞ்சு கரைஞ்சுதான் டேப்லெட் முடியணும்னா கழுவற நேரம் பத்தவே பத்தாது.

அதனால டேப்லெட் செய்யறவங்க உள்ளேருந்தே உடைக்க ஏற்பாடு பண்றாங்க. அழுத்தும்போது துகள்களுக்கு நடுவுல மயிரிழை மாதிரி இடைவெளி விட்டு, தண்ணி பட்டா உப்பற ஒரு பொருள கலந்து வைக்கறாங்க, பெரும்பாலும் செல்லுலோஸ் வகை. இடைவெளி வழியா தண்ணி உறிஞ்சிக்கிட்டு உள்ள போகும், அந்தப் பொருள் உப்பும், டேப்லெட் பொலபொலன்னு உடைஞ்சு பவுடராவே ஆகிடும். ரொம்ப அழுத்தினா தண்ணி உள்ள போக வழி இருக்காது, கம்மியா அழுத்தினா பெட்டிலயே உதிர்ந்துடும், ரெண்டுக்கும் நடுவுல நிக்கணும், உண்மையிலேயே நுணுக்கமான வேலை. மேல இருக்கற கண்ணாடி மாதிரி உறை பாலிவினைல் ஆல்கஹால், அது தண்ணிலயே கரையறதாலதான் பிரிக்காம அப்படியே போடச் சொல்றாங்க (சாதா பிளாஸ்டிக் கவர்ல வர்ற டேப்லெட்டும் இருக்கு, அத கண்டிப்பா பிரிச்சுதான் போடணும், பெட்டில எழுதியிருக்கறத ஒரு தடவ பாத்துக்கோங்க).

இதோட மெஷின் எந்த நேரத்துல என்ன செய்யுதுங்கறதும் முக்கியம். பெரும்பாலான ப்ரோக்ராம்ல மொதல்ல பச்சத்தண்ணில ஒரு அலசு, அந்தத் தண்ணி வெளிய போயிடும். அப்புறம் மெயின் வாஷுக்கு புதுசா சில லிட்டர் தண்ணி எடுக்கும், அப்பதான் கதவுல இருக்கற டப்பா மூடி திறந்து டேப்லெட் கீழ விழணும், சில மெஷின்ல மேல் ரேக்குல அத ஏந்திக்க ஒரு குட்டித் தட்டு இருக்கும். ஹீட்டர் தண்ணிய 45லேருந்து 65 டிகிரிக்குள்ள எங்கயோ கொண்டு போகும், ஸ்ப்ரே ஆர்ம் அந்தத் தண்ணிய அடிச்சுக்கிட்டே இருக்கும். அதாவது மூடி திறக்கணும், டேப்லெட் விழணும், அது மேல தண்ணி வேகமா அடிக்கணும், அந்தத் தண்ணி சூடா இருக்கணும், அதுக்கெல்லாம் நேரமும் இருக்கணும். இதுல ஒண்ணு கெட்டாலும் டேப்லெட் மிஞ்சிடும். பவுடரும் ஜெல்லும் இதுல ரெண்டு மூணு கெட்டாலும் எப்படியோ சமாளிச்சுடும்.

டேப்லெட்ட கதவு டப்பாவுல வைக்காம ஸ்பூன் கூடைலயோ அடிலயோ தூக்கிப் போடறவங்க நிறைய பேர். அப்படிப் போட்டா மொத அலசுலயே பாதிக்கு மேல கரைஞ்சு அந்தத் தண்ணியோட சாக்கடைக்குப் போயிடும், மெயின் வாஷ்ல மிச்சம்மீதிதான். டேப்லெட் நல்லா கரைஞ்சிருச்சேன்னு சந்தோஷப்படுவோம், ஆனா பாத்திரம் அழுக்காவே வரும்.

சரி, ஒரு கேஸ எடுத்து முழுசா பாப்போம். கதவைத் திறந்தா டேப்லெட் டப்பாவுக்குள்ளயே இருக்கு, வெளிப்பக்கம் மட்டும் கொஞ்சம் கரைஞ்சு, அடிப்பக்கம் கொழகொழன்னு டப்பாவோட ஒட்டியிருக்கு. விழவே இல்லைன்னு தெரியுதுல்ல, அப்ப சூட்டையும் டேப்லெட்டையும் சந்தேகப்படறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாக்கணும். ஒண்ணு, கீழ் ரேக்குல முன்னாடி உயரமான தட்டோ பெரிய வாணலியோ நின்னு மூடிய முழுசா திறக்க விடாம தடுத்துச்சான்னு. பாத்திரம் அடுக்கின நெலமைலயே மூடிய கையால திறந்து, கதவை மெதுவா மூடிக்கிட்டே போய், எதுலயாவது இடிக்குதான்னு பாத்தா தெரிஞ்சுடும். ரெண்டாவது, டேப்லெட் வைக்கும்போது டப்பா ஈரமா இருந்துச்சான்னு. போன தடவ ஓடின ஈரம் அப்படியே இருக்கும், இல்ல ஈரக்கையால எடுத்து வச்சிருப்போம், அந்த உறை சொட்டுத் தண்ணி பட்டாலே பசை ஆகி டப்பாச் சுவத்துல ஒட்டிக்கும், மூடி திறந்தாலும் டேப்லெட் அங்கயே தொங்கும். துணியால டப்பாவைத் தொடச்சு, காஞ்ச கையால வச்சா போதும்.

ரெண்டையும் சரி பண்ணியாச்சு, அடுத்த தடவ டேப்லெட் விழுந்துடுச்சு, ஆனா அடியிலயோ அந்தக் குட்டித் தட்டுலயோ ஒரு துண்டு மிச்சம் கெடக்குதுன்னு வச்சுக்குவோம். இப்ப தண்ணி அடிக்கற வேகம், சூடு, நேரம் பக்கம் போகணும். ஸ்ப்ரே ஆர்மைக் கையால சுத்திப் பாருங்க, எந்தப் பாத்திரத்துலயும் இடிக்கக் கூடாது, அதோட ஓட்டைல உப்புப் படிவோ விதையோ அடைச்சிருந்தா எடுத்துடுங்க, ஃபில்டரையும் கழுவுங்க. சூட்டுக்கு, மெயின் வாஷ் ஆரம்பிச்சு ஒரு இருபது நிமிஷம் கழிச்சு மெஷின நிறுத்திட்டு கதவை ரொம்ப மெதுவா, முகத்தைத் தள்ளி வச்சுக்கிட்டு திறக்கணும், ஆவி குப்புனு வந்து பாத்திரம் எல்லாம் சூடா இருந்தா ஹீட்டர் வேலை செய்யுது. சில்லுன்னு இருந்தா ஹீட்டரோ அதோட சென்சாரோ போயிருக்கலாம், அதுக்கு மெக்கானிக்கக் கூப்பிடறதுதான் வழி, டேப்லெட்ட மாத்தி பிரயோஜனம் இல்ல.

எல்லாமே சரியா இருந்து நீங்க அரைமணி நேர குயிக் வாஷ் போடறவங்கன்னா விடை அங்கயே இருக்கு. அதுல மெயின் வாஷ் கொஞ்ச நேரம்தான், சூடும் கம்மி, டேப்லெட் உடைஞ்சு முடியறதுக்குள்ள அலசுத் தண்ணி வந்துடும். மிச்சத் துண்டு கடைசி அலசுல கரைஞ்சா பாத்திரத்துல வெள்ளையா மாவு மாதிரி படிஞ்சு, தொட்டா வழவழன்னு இருக்கும். குழாய்த் தண்ணில தேச்சா இது போயிடும், உப்புத்தண்ணிப் படிவா இருந்தா வெறும் தண்ணிக்கு அசையாது, வினிகர் பட்டாத்தான் போகும், இப்படி ரெண்டையும் பிரிச்சுடலாம். குயிக் வாஷுக்கு பவுடரோ ஜெல்லோதான் என் சாய்ஸ். சில மெஷின்ல டேப்லெட்டுக்குன்னே ஒரு பட்டன் இருக்கும், அத அமுக்கினா ப்ரோக்ராம மாத்திக் கூடுதல் நேரம் குடுக்கும்.

டேப்லெட்டே கெட்டுப் போறதும் உண்டு, பெட்டி திறந்தே கெடந்து காத்து ஈரத்தை இழுத்துட்டா. சலவை சோடா ஈரத்தைப் பிடிச்சு புதுப் படிகமா மாறி துகள்கள ஒண்ணோட ஒண்ணு சிமென்ட் மாதிரி கட்டிடும், தண்ணி போற இடைவெளி அடைஞ்சுடும், உப்பற பொருளும் முன்னாடியே உப்பித் தன் சக்திய இழந்துடும். பெர்கார்பனேட்டும் மெதுவா சிதைஞ்சு ஆக்சிஜன விடும், தனித்தனி கவர்ல வர்ற டேப்லெட்னா அந்தக் கவர் பலூன் மாதிரி உப்பியிருக்கும், டேப்லெட் மேல விரிசலும் தெரியும். சந்தேகம் இருந்தா பழசு ஒண்ணு, புதுப் பெட்டிலேருந்து ஒண்ணு, ரெண்டையும் ஒரே சூடு இருக்கற தண்ணில தனித்தனி கிளாஸ்ல கலக்காம போட்டுப் பாருங்க, புதுசு உதிர ஆரம்பிச்ச பிறகும் பழசு ஓரம் மட்டும் கரைஞ்சு நடுவுல கட்டியாவே நின்னா அந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்.

பவுடருக்கு இன்னொரு வசதி, அளவ நம்ம கையில வச்சுக்கலாம். தண்ணி மென்மையா இருந்து பாத்திரமும் கம்மின்னா குறைச்சுப் போடலாம், மென்மையான தண்ணில டிடர்ஜென்ட் அளவுக்கு மிஞ்சிப் போனா கண்ணாடி கிளாஸ் நாளடைவுல மங்கி அரிச்சுடும், போன பளபளப்பு திரும்ப வராது. ரொம்பப் பிசுக்குன்னா டப்பாவுல போட்டது போக ஒரு சின்ன ஸ்பூன் பவுடர கதவோட உள்பக்கம் தூவினா மொத பச்சத்தண்ணி அலசுக்கும் கொஞ்சம் டிடர்ஜென்ட் கிடைக்கும். டேப்லெட்டே பழகிப்போச்சுன்னாலும் பரவாயில்ல, அதோட சேத்து இந்த ஒரு ஸ்பூன் பவுடரத் தூவறது நல்லாவே வேலை செய்யும்.