‘இதய வீக்கம்’ என்னும் பிழைச்சொல்

டைலேட்டட் கார்டியோமயோபதி என்ற நோய்ப்பெயரை ‘இதய வீக்கம்’ என்று மொழிபெயர்க்கும் வழக்கம் செய்திகளிலும் நலவாழ்வுக் கட்டுரைகளிலும் நிலைத்துவிட்டது. அண்மையில் மருத்துவமனைக் கையேடு ஒன்றிலும் அதே சொல் தடித்த எழுத்தில் அச்சாகியிருப்பதைக் கண்டபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இதயம், தசை, நோய் ஆகியவற்றைக் குறிக்கும் மூன்று கிரேக்கச் சொற்கள் சேர்ந்து ‘கார்டியோமயோபதி’ ஆயின. 1957-இல் வாலஸ் பிரிக்டன் என்ற பிரிட்டானிய மருத்துவர் இதனை மருத்துவ எழுத்தில் நிலைபெறச் செய்தார். ‘டைலேட்டட்’ என்பது அகலம் என்னும் பொருளுள்ள இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ஆக, பெயரில் அகன்ற இதயமும் நோயுற்ற தசையும் இருக்கின்றன. வீக்கம் எங்கும் இல்லை.

பழந்தமிழில் ‘வீங்குதல்’ பெருத்தலையும் குறித்தது என்று சிலர் வாதாடக்கூடும். அது உண்மைதான். ஆனால் இன்றைய மருத்துவத் தமிழில் ‘வீக்கம்’ என்றால் நீர் கோத்தலையோ அழற்சியையோதான் படிப்பவர் நினைப்பார். இந்நோயில் இடது கீழறையின் உள்ளிடம் அகல்கிறது. சுவர் பெரும்பாலும் தடிப்பதில்லை, மெலியவும் செய்யலாம். சுருங்கும் வலிமை குறைகிறது. உயர் இரத்த அழுத்தத்தால் சுவர் தடிப்பது வேறு, இதய உறையில் நீர் சேர்வது வேறு, தசை அழற்சி வேறு. இந்நான்கையும் ‘இதய வீக்கம்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பவரிடம், எதற்கு என்ன மருத்துவம் என்று கேட்டால் விடை கிடைக்காது. இதில் நடைமுறைக் கேடும் ஒன்று உண்டு. இதயம் தளர்ந்தவருக்குக் காலில் வீக்கம் வரும். நீரிறக்கும் மாத்திரையில் அது வடிந்துவிடும். ‘இதய வீக்கம்’ என்று கேட்டுப் பழகியவர், கால் வடிந்ததுபோல இதயமும் வடிந்தது என்று எண்ணி, தசையைக் காக்கும் மற்ற மருந்துகளையும் நிறுத்திவிடுகிறார்.

‘விரிவுற்ற இதயத்தசை நோய்’ என்ற ஆக்கம் இதைவிட எவ்வளவோ மேல். ஆயினும் அதிலும் விரிந்தது தசையா, நோயா, இதயமா என்ற மயக்கம் எஞ்சுகிறது. ‘இதய விரிவுத் தசைநோய்’ என்பதே என் தேர்வு. விரிவு இதயத்திலும் நோய் தசையிலும் போய் நிற்கின்றன.

இதைவிடத் தீங்கான இன்னொரு சொல் ‘காரணமறியா’ என்ற அடை. இதற்கு மொழிபெயர்ப்பாளரை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 1980-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறையே இதயத்தசை நோய்களைக் ‘காரணம் அறியப்படாதவை’ என்றுதான் சொன்னது. 1995-இல் அந்த வரையறை திருத்தப்பட்டது. நம் அகராதிகளும் கையேடுகளும் இன்னும் பழையதைச் சுமக்கின்றன. காரணம் அறியப்படவில்லை என்பதற்கும் காரணம் தேடப்படவில்லை என்பதற்கும் உள்ள தொலைவு பெரிது.

தேடல் எப்படி நடக்கிறது என்பதை, மருத்துவர்கள் அடிக்கடி காணும் வகையிலான கற்பனை நோயாளி ஒருவரை வைத்துப் பார்க்கலாம். அவருக்கு வயது 46. படியேறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் இடது கீழறையின் விட்டம் 66 மி.மீ.; ஆண்களுக்கு 58 மி.மீ. வரை இயல்பு எனக் கொள்ளப்படுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் அறை வெளித்தள்ளும் இரத்தத்தின் பங்கு 25 விழுக்காடு. 50-க்குமேல் இருக்க வேண்டியது அது. ஆஞ்சியோகிராமில் இதயத் தமனிகளில் அடைப்பு இல்லை. இரத்த அழுத்தமோ வால்வுக் கோளாறோ இந்த விரிவை விளக்கப் போதவில்லை. இவ்வளவும் விலக்கப்பட்ட பிறகே இந்நோய்ப்பெயரைச் சூட்டலாம்.

பதினைந்து ஆண்டுகளாக நாள்தோறும் 100 கிராமுக்குக் குறையாத ஆல்கஹால் குடித்தவர் அவர். நாளொன்றுக்கு 80 கிராமுக்கு மேல், ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் என்பது மதுவைக் காரணமாகக் கருதுவதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு. 80 கிராம் என்பது 40 விழுக்காட்டு மதுவில் ஏறத்தாழ கால் லிட்டர். எனவே ‘குடியால் வந்த இதய வீக்கம்’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடத் தோன்றும். ஆனால் அவருடைய நாடி ஒழுங்கின்றி நிமிடத்துக்கு 130 முறை துடிக்கிறது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். வாரக்கணக்கில் இவ்வேகத்தில் ஓடும் இதயம் அந்த ஓட்டத்தாலேயே விரிந்து தளரக்கூடும்; வேகம் அடங்கினால் பல வாரங்களில், சில மாதங்களில் மீளவும் கூடும். அந்தத் துடிப்பைத் தூண்டியதும் மதுவாக இருக்கலாம். எது முந்தியது என்று பெரும்பாலும் பிரித்தறிய இயலாது. பிரித்தறியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை, இரண்டையும் சரிசெய்ய வேண்டியதுதான். தைராய்டு மிகைக்கும் இரும்புச் சேர்மானத்துக்குமான இரத்தப் பரிசோதனைகளும், முன்பு புற்றுநோய் மருந்து ஏதும் எடுத்தாரா என்ற கேள்வியும் இக்கட்டத்திலேயே வந்துவிட வேண்டும்.

நோய்க்குச் சில மாதங்கள் முன் அவருக்குக் காய்ச்சல் வந்ததாம். வைரஸ் இதயத்தசை அழற்சி பின்னர் விரிவு நோயாக மாறுவதுண்டு. காக்ஸாக்கி வைரஸின் நொதியம் ஒன்று தசைநாரின் டிஸ்ட்ரோஃபின் புரதத்தையே வெட்டுகிறது என்பது ஆய்வில் கண்டது. என்றாலும் காய்ச்சல் வராதவர் யார்? இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் இருப்பது எப்போதோ தொற்று வந்ததைத்தான் காட்டும். தசையில் வைரஸும் அழற்சியும் உள்ளனவா என்பதை உறுதிசெய்யத் தசைத்துணுக்குப் பரிசோதனை வேண்டும். அதனால் ‘வைரஸால் வந்தது’ என்ற தொடரைத் தாராளமாக எழுதுவதும் ஒருவகையில் காரணமறியா என்பதையே வேறு சொல்லால் எழுதுவதாகும்.

மரபணுவைப் பற்றிய சொற்களிலும் குழப்பம் உண்டு. இந்த நோயாளியின் தந்தை 50 வயதுக்கு முன்பே திடீரென இறந்தவர், மது தொடாதவர். அந்த ஒரு செய்தி கேட்கப்படாவிட்டால் மரபணுச் சோதனை நடந்திருக்காது. சோதனையில் டைட்டின் என்னும் மிகப்பெரிய தசைப் புரதத்தின் மரபணுவில், புரதத்தைப் பாதியில் முறிக்கும் மாற்றம் தெரிகிறது. மதுவால் வந்தது என முத்திரை குத்தப்பட்டவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இத்தகைய மாற்றம் இருப்பதாக 2018-இல் வந்த ஆய்வு காட்டியது. ‘பரம்பரை நோய்’ என்று எழுதுவோர், மரபணு இருந்தால் நோய் வந்தே தீரும் என்றும், மரபணு தெரிந்தபின் மது ஒரு பொருட்டல்ல என்றும் வாசகரை எண்ண வைக்கிறார்கள். இரண்டும் தவறு. மரபணு இடங்கொடுக்கிறது, மது தள்ளிவிடுகிறது. இதனால்தான் ‘காரணம்’ என்ற ஒற்றைச் சொல் போதாது என்கிறேன். ‘துணைக்காரணி’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. அதைப் பயன்படுத்தினால் மதுவை விடுவதற்கும், உடன்பிறந்தோருக்கும் பிள்ளைகளுக்கும் இ.சி.ஜி., எக்கோ எடுப்பதற்கும் ஒரே வாக்கியத்தில் இடம் கிடைக்கும்.

அவர் மதுவை முற்றாக விடுகிறார், துடிப்பு சீராகிறது, மருந்துகள் தொடர்கின்றன. ஆறு மாதத்தில் விட்டம் 57 மி.மீ., வெளித்தள்ளும் பங்கு 50 விழுக்காடு. மது, வேகத்துடிப்பு போன்றவற்றைப் பற்றிய ஆங்கில மருத்துவக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது, இங்கேதான் மொழிபெயர்ப்பாளர் கடைசித் தவறைச் செய்கிறார்: ‘முற்றிலும் குணமாகக்கூடிய காரணங்கள்’. ஆங்கில மூலம் சொல்வது மீளக்கூடிய துணைக்காரணிகளை, குணத்தை அன்று. இவ்வாறு மீண்டவர்கள் 51 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்த, 2018-இல் வெளியான ஆய்வில், மருந்தைப் படிப்படியாக நிறுத்தியவர்களில் 44 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் அக்காலத்தில் ஒருவருக்கும் திரும்பவில்லை. ஆகவே இவருடைய கோப்பில் ‘நோய் தணிந்துள்ளது, மருந்து தொடர வேண்டும்’ என்று எழுதலாம். ‘வீக்கம் வடிந்தது’ என்று எழுதினால் அடுத்த மாதமே மருந்துச் சீட்டு மடிக்கப்பட்டுவிடும்.