‘கடவுச்சொல் தவறு’ என்று வருகிறதா? உங்கள் கணக்கில் கடவுச்சொல்லே இல்லாமல் இருக்கலாம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் சிறிய கடைகளுக்கு இணையதளம் அமைத்துப் பராமரிப்பது என் வேலை. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, நான் பராமரிக்கும் மளிகைக் கடைத் தளம் ஒன்றின் வாடிக்கையாளர் என்னை அழைத்தார். செந்தூலில் முறுக்கு, அதிரசம் செய்து விற்கும் அக்கா அவர். மாவும் எண்ணெயும் எங்கள் தளத்தில்தான் வாங்குவார்.

"தம்பி, என் கணக்கை யாரோ திருடிட்டாங்க. மகளோட லேப்டாப்ல பாஸ்வர்ட் போட்டா தப்புன்னு வருது. பழைய ஆர்டரைப் பார்த்துத்தான் அளவு சொல்லணும்."

எந்தப் பாஸ்வர்டைப் போட்டீர்கள் என்று கேட்டேன். "என் ஜிமெயில் பாஸ்வர்டுதான், வேற என்ன இருக்கு?" என்றார். ஐந்தாறு முறை போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் `Invalid email or password`. கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற பொத்தானையும் அழுத்தியிருக்கிறார். "கணக்கு இருந்தால் மின்னஞ்சல் வரும்" என்றது திரை. ஒன்றும் வரவில்லை.

தளத்தின் தரவுத்தளத்தில் அவருடைய வரியைத் திறந்து பார்த்தேன். மின்னஞ்சல் இருந்தது, கூகுள் அடையாள எண் இருந்தது. கடவுச்சொல் பதிவாகும் `password_hash` என்ற இடத்தில் `NULL`. அதாவது காலி. திருட்டு எதுவும் நடக்கவில்லை. இரண்டு வருடங்களுக்கு முன் கைப்பேசியில் `Continue with Google` என்ற பொத்தானை அழுத்திச் சேர்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்தப் பொத்தானை அழுத்தினால் கூகுள் தன் பக்கத்தில் உங்களைச் சரிபார்த்துவிட்டு, கையொப்பமிட்ட ஒரு சீட்டை எங்களுக்கு அனுப்பும். அதில் உங்களுக்கே உரிய ஓர் எண், மின்னஞ்சல், பெயர், அந்த மின்னஞ்சல் சரிபார்க்கப்பட்டதா என்ற குறிப்பு இவை இருக்கும். உங்கள் ஜிமெயில் கடவுச்சொல் அதில் வராது. எங்களுக்கு அது தெரியவும் தெரியாது. அதனால் அக்கா எதைத் தட்டினாலும், ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் ஒன்றுமே இல்லை.

தளத்துக்காரரைக் கேட்காமல் நீங்களே இதைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் மின்னஞ்சல் பெட்டிக்குள் தளத்தின் பெயரைத் தேடுங்கள். மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் கொடுத்துச் சேர்ந்திருந்தால், பெரும்பாலான தளங்கள் "உங்கள் மின்னஞ்சலை உறுதிப்படுத்துங்கள்" என்று ஓர் இணைப்பு அனுப்பியிருக்கும். அக்காவின் பெட்டியில் அது இல்லை, நேரே வரவேற்புக் கடிதம்தான். கூகுளே சரிபார்த்துவிட்டதால் நாங்கள் மறுபடி கேட்பதில்லை. இதைவிட உறுதியான இடம் `myaccount.google.com/connections`. உங்கள் கூகுள் கணக்கோடு இணைந்த தளங்கள் அங்கே தெரியும். அக்காவின் பட்டியலில் எங்கள் தளமும் இருந்தது.

சரி, கூகுள் பொத்தானையே அழுத்துங்கள் என்றேன். உள்ளே போய்விட்டார். ஆனால் பழைய ஆர்டர் ஒன்றுகூட இல்லை. "பார்த்தீங்களா தம்பி, எல்லாத்தையும் அழிச்சிட்டாங்க" என்று குரல் உடைந்துவிட்டது. லேப்டாப் மகளுடையது, அதில் திறந்திருந்தது மகளின் கூகுள் கணக்கு. அந்தப் பெயரில் புதிதாக ஒரு வெற்றுக் கணக்கு உருவாகிவிட்டது. வெளியேறி, மீண்டும் அந்தப் பொத்தானை அழுத்தி, `Use another account` என்பதில் தன் ஜிமெயிலைக் கொடுத்ததும் போன வருடத்து ஆர்டர் கண்ணில் பட்டது. பல பேர் பயந்துபோவது இந்த இடத்தில்தான். கணக்கு காலியாகத் தெரிந்தால், மூலையில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஐபோனில் ஆப்பிள் வழியாகச் சேர்ந்து, மின்னஞ்சலை மறைக்கும்படி கேட்டிருந்தால் நிலைமை வேறு. தளத்தில் இருப்பது `privaterelay.appleid.com` என்று முடியும் முகவரி. உங்கள் சொந்த முகவரியைத் தட்டினால் தளத்துக்கு உங்களைத் தெரியாது.

அக்காவை இன்னும் இரண்டு காரியம் செய்யச் சொன்னேன். ஒன்று, உள்ளே இருக்கும்போதே தளத்துக்கென்று தனியாக ஒரு கடவுச்சொல் வைத்துக்கொள்வது. கடவுச்சொல்லை மாற்றும் பக்கம் பழையதைக் கேட்கும், அவரிடம் பழையது கிடையாது. அதனால் புதிதாக அமைக்கும் `Set password` பக்கத்துக்குப் போக வேண்டும். எல்லாத் தளங்களிலும் அது இருக்காது. இன்னொன்று, ஜிமெயில் கடவுச்சொல்லை மாற்றுவது. எங்கள் தளம் அதைச் சேமிப்பதில்லை. ஆனாலும் அவர் அதை வேறொரு தளத்தின் கடவுச்சொல் கட்டத்தில் ஐந்தாறு முறை தட்டிவிட்டார், நாளை ஒரு போலித் தளத்திலும் அதே பழக்கம் வரும்.

எங்கள் பக்கமும் ஒரு குறை இருந்தது. "நீங்கள் கூகுளில் சேர்ந்தவர்" என்று திரையிலேயே காட்டலாமே என்று கடைக்காரர் கேட்டார். காட்டினால், யாருக்கு இங்கே கணக்கு இருக்கிறது என்று எவரும் மின்னஞ்சல்களைப் போட்டுப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம். திரையை அப்படியே விட்டுவிட்டேன். கடவுச்சொல் இல்லாத கணக்குக்கு மீட்புக் கடிதமே அனுப்பாமல் இருந்ததை மட்டும் மாற்றினேன். இப்போது, "நீங்கள் கூகுள் வழியாகச் சேர்ந்தீர்கள், அந்தப் பொத்தானையே அழுத்துங்கள்" என்று உரியவரின் பெட்டிக்கு மட்டும் கடிதம் போகிறது.