மேலே போன கோடு ஏன் இறங்குகிறது?

அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் தன் விலங்கியல் நோட்டில் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். நரம்புச் செல் ஒரு முறை துடிக்கும்போது அதன் மின்னழுத்தம் ஏறி இறங்குவதைக் காட்டும் செயல்நிலை மின்னழுத்த வரைபடம். கிடை அச்சில் நேரம், செங்குத்து அச்சில் மில்லிவோல்ட். −70இல் தட்டையாக ஓடும் கோடு, −55ஐத் தொட்டதும் செங்குத்தாக ஏறி +40ஐ எட்டி, அதே வேகத்தில் இறங்கி, −70க்கும் சற்றுக் கீழே போய்விட்டு மெல்லத் திரும்புகிறது. இறங்கும் பகுதிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி: "சோடியம்-பொட்டாசியம் பம்ப் வேலை செய்கிறது." கூடவே ஒரு கேள்வி: "இது சரிதானே சித்தப்பா?"

சரியில்லை. ஆனால் இது அவள் மட்டும் செய்யும் தவறு அல்ல. கல்லூரி விடைத்தாள்களிலும் நான் பார்த்திருக்கிறேன்.

ஏறுவது எப்படி என்பது அவளுக்குத் தெரியும், அதனால் அதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். ஓய்வில் பொட்டாசியத்துக்கு மட்டும் சில வழிகள் திறந்திருக்கின்றன. அது கொஞ்சம் வெளியே கசிவதால் உட்புறம் எதிர்மின் பக்கம் நிற்கிறது. ஏதோ ஒரு தூண்டலால் மின்னழுத்தம் −55 பக்கம் வந்தால், செல்லின் சவ்வில் சோடியத்துக்கென்றே உள்ள துளைகளான சோடியம் கால்வாய்கள் சில திறக்கும். நேர்மின்னேற்றம் உள்ளே வரும், அதனால் மின்னழுத்தம் இன்னும் ஏறும், அதனால் இன்னும் பல கால்வாய்கள் திறக்கும். வைக்கோல் போரில் தீப்பிடித்த கதைதான். உள்ளே வரும் சோடியம், வெளியே கசியும் பொட்டாசியத்தை மிஞ்சும் இடமே அந்த −55. அதைத் தாண்டிவிட்டால் பாதியில் நிற்காது.

இனி இறக்கத்துக்கு வருவோம். பம்ப்தான் காரணம் என்றால் அதன் வேகத்தைப் பார்க்க வேண்டும். பம்ப் ஒரு சுற்றில் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். நொடிக்கு 100, 200 சுற்று ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு சுற்றுக்கே 5 முதல் 10 மில்லிநொடி ஆகிறது. நோட்டில் இருக்கும் கூர்முனையோ மொத்தமே ஒரு மில்லிநொடிதான். பம்ப் ஒரு சுற்று முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிடுகிறது. அதே ஒரு மில்லிநொடியில் திறந்திருக்கும் ஒரு கால்வாய் வழியே ஆயிரக்கணக்கான அயனிகள் பாய்ந்துவிடும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். உண்மையில் எவ்வளவு சோடியம் உள்ளே வந்துவிட்டது? இதை அளந்து பார்த்த புகழ்பெற்ற நரம்பு ஊசிக் கணவாயுடையது. நம் நரம்பிழைகள் மயிரைவிட மிக மெல்லியவை, கணவாயின் பெரிய நரம்பிழையோ அரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அதற்குள் மின்முனையை நுழைத்துத்தான் 1939இல் இங்கிலாந்தின் பிளிமத்தில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும், மின்னழுத்தம் பூஜ்ஜியத்தோடு நிற்காமல் நேர்மின் பக்கத்துக்குத் தாண்டுவதைப் பார்த்தார்கள். இன்று யாராவது "கணவாயின் நரம்பைக் குடையப் பணம் வேண்டும்" என்று விண்ணப்பித்தால், "இதனால் சமூகத்துக்கு என்ன பயன்?" என்ற கட்டத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது என் எண்ணம். போகட்டும். அந்த இழையில் ஒரு முறை துடிப்பு ஓடும்போது கூடும் சோடியம், ஏற்கெனவே உள்ளே இருந்த சோடியத்தில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. பம்ப்பை நஞ்சிட்டு நிறுத்தினாலும் அந்த இழை ஆயிரக்கணக்கான முறை துடிக்கும். அதாவது செங்குத்து அச்சு காட்டுவது அயனிகளின் இருப்பை அல்ல, சவ்வின் இரு பக்கமும் உள்ள மின்னேற்ற வித்தியாசத்தை. அந்த வித்தியாசத்தை மாற்றத் துளி அயனி போதும். ஆயிரம் மடங்கு மெல்லிய இழைகளில் மட்டும் இந்தப் பங்கு கூடிவிடுகிறது. அங்கே பம்ப் சீக்கிரமே தேவைப்படும். அப்போதும் அது அடுத்தடுத்த துடிப்புகளுக்கான சரக்கை நிரப்பி வைக்கிறதே தவிர, இந்தத் துடிப்பை இறக்குவதில்லை.

அப்படியானால் இறக்குவது எது? இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். சோடியம் கால்வாய்க்கு ஒரு கதவு இல்லை, இரண்டு. முதல் கதவு மின்னழுத்தம் ஏறினால் சட்டென்று திறக்கும். இரண்டாவதும் அதே மின்னழுத்த ஏற்றத்துக்குத்தான் அசைகிறது, ஆனால் எதிர்த் திசையில், கொஞ்சம் தாமதமாக: அது மூடிக்கொள்ளும். திறக்கச் சொல்லும் கட்டளையும் மூடச் சொல்லும் கட்டளையும் ஒன்றே! முதல் கதவு சுறுசுறுப்பு, இரண்டாவது மந்தம். இருவருக்கும் இடையில் உள்ள அந்த ஒரு மில்லிநொடிக்கும் குறைவான இடைவெளியில்தான் சோடியம் உள்ளே பாய்கிறது. மந்தமான அந்தக் கதவு, கால்வாய்ப் புரதத்தின் உட்புறத்தில் இருக்கும் ஒரு சிறு துண்டு. அது குடத்து வாயில் மூடி போல நேராக அடைப்பதாக வெகு காலம் எண்ணியிருந்தார்கள். துளையின் ஓரத்தில் ஆப்பு போலச் செருகி வழியை நெரிக்கிறது என்றே அண்மைக் காலப் படங்களைக் கொண்டு சொல்கிறார்கள்.

இதே சமயத்தில், தாமதமாகத் திறக்கும் வேறு சில பொட்டாசியம் கால்வாய்களும் விழித்துக்கொள்கின்றன. சோடியம் நின்றுவிட்டது, பொட்டாசியம் வெளியே ஓடுகிறது, கோடு இறங்குகிறது. பொட்டாசியக் கால்வாய்கள் மூடவும் தாமதிப்பதால்தான் −70க்கும் கீழே அந்தச் சின்னப் பள்ளம். இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். பேத்தை மீனின் நஞ்சு சோடியம் கால்வாயை அடைத்துவிடும். அப்போது வரைபடத்தில் கூர்முனையே வராது. பொட்டாசியக் கால்வாயை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் கூர்முனை வரும், ஆனால் இறங்க நேரம் எடுத்து அகலமாகிவிடும்.

மூடிய இரண்டாம் கதவு மறுபடி விலக ஒரு நிபந்தனை உண்டு: மின்னழுத்தம் கீழே, ஓய்வு நிலைப் பக்கம் திரும்பி வந்தாக வேண்டும். அதுவரை எவ்வளவு தூண்டினாலும் அந்த இடம் துடிக்காது. துடிப்பு வந்த வழியே திரும்பி ஓடாமல் முன்னோக்கியே போவதும் இதனால்தான். பின்னால் இருக்கும் கதவுகள் இன்னும் பூட்டியிருக்கின்றன.

அண்ணன் மகள் விடவில்லை. "அப்போ கோடு இறங்காமலே பாதி உயரத்தில் நின்னுட்டா?" என்றாள். நல்ல கேள்வி. வெளியே பொட்டாசியம் கூடினால் கிட்டத்தட்ட அதுதான் நடக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் வழக்கமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல். அது நிறையக் கூடினால் உள்ளிருந்து கசிவது குறைந்து, ஓய்வு மின்னழுத்தமே மேலே ஏறி −55 பக்கம் வந்து நிற்கும். வாசலுக்கு அருகில் வந்துவிட்டதே, இனி எளிதாகத் துடிக்கும் என்றுதான் தோன்றும். தொடக்கத்தில் அப்படியும் நடக்கலாம். ஆனால் மெதுவாக ஏறி அங்கேயே நின்றுவிட்டால் இரண்டாம் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும், திறக்கவும் வழியில்லை. தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களிடம் இளநீர் வேண்டாம் என்று டாக்டர்கள் சொல்வது, அதில் பொட்டாசியம் அதிகம் என்பதால்தான். திறந்த இதய அறுவையின்போது இதே வித்தையை வேண்டுமென்றே செய்கிறார்கள்: பொட்டாசியம் மிகுந்த குளிர்ந்த கரைசலை இதயத் தசைக்குள் செலுத்தினால் கதவுகள் பூட்டிக்கொண்டு இதயம் அசையாமல் நிற்கும். தைத்து முடித்து ரத்தத்தை மறுபடி ஓடவிட்டால் கரைசல் கழுவப்பட்டு, மின்னழுத்தம் இறங்கி, கதவுகள் விலகி, துடிப்பு தொடங்கும்.

அவள் பென்சில் வரியை அழித்துவிட்டு, உச்சிக்குப் பக்கத்தில் "இரண்டாம் கதவு" என்று எழுதி மறுபடி படம் எடுத்து அனுப்பினாள்.